ஏற்காட்டுத் தொட்டியில் 4000 கேலன்: 20.4 கன மீட்டர் எங்கே பொருந்துகிறது?

*கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் தாத்தா காலத்துக் கல் தொட்டி ஒன்று இருக்கிறது. காலியாக இருந்தபோது உள்ளே இறங்கி டேப் வைத்து அளந்தேன்: நீளம் 3.66 மீ, அகலம் 3.05 மீ, உயரம் 1.83 மீ. பெருக்கினால் 20.4 கன மீட்டர். ஃபோனில் கேலனுக்கு மாற்றினால் 5,390 கேலன் என்று வருகிறது. ஆனால் தொட்டி முகப்பில் 4000 கேலன் என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கிறார்கள். யார் கணக்கு தப்பு? லிட்டரில் எவ்வளவு என்று எடுத்துக்கொள்வது? உள்பூச்சு புதிதாகப் பூசிவிட்டு லாரித் தண்ணீர் விடலாம் என்று இருக்கிறோம்.*

யார் கணக்கும் தப்பில்லை. நீங்கள் அளந்ததும் சரி, ஃபோன் சொன்னதும் சரி, கல்லில் செதுக்கியவர் போட்டதும் சரி, மூன்றும் மூன்று வேறு விஷயங்களைச் சொல்கின்றன, அவ்வளவுதான். உங்கள் ஃபோன் சொல்வது அமெரிக்க கேலன். கல்லில் இருப்பது பிரிட்டிஷ் கேலன். அதைச் சரிசெய்த பிறகும் ஐந்நூறு கேலன் போல இடிக்கும், அது கேலன் சமாச்சாரமே இல்லை, தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் சமாச்சாரம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் லிட்டர். இதில் சண்டையே கிடையாது. 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் உள்ள பெட்டி ஒன்றுதான் ஒரு லிட்டர். ஒரு கன மீட்டருக்குள் அந்தப் பெட்டி நீளத்தில் பத்து, அகலத்தில் பத்து, உயரத்தில் பத்து என்று ஆயிரம் உட்காரும். ஆகவே கன மீட்டரை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். உங்கள் 20.4 கன மீட்டர் என்பது 20,400 லிட்டர். ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்ற ஞாபகத்தில் நூறால் பெருக்கிவிட்டு 2,040 லிட்டர் என்று எழுதி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பதில் வந்தால் மனசுக்கே தெரிய வேண்டும், ஆள் உள்ளே இறங்கி நடமாடுகிற தொட்டி, மொட்டை மாடிக் கறுப்பு டேங்க் அளவுக்குச் சுருங்கிவிடாது. கிலோலிட்டர் என்று பில்லிலோ எஸ்டிமேட்டிலோ இருந்தால் அதுவும் கன மீட்டரும் ஒன்றேதான்.

இப்போது கேலன். உலகத்தில் இன்று புழங்குகிற கேலன் இரண்டு. பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். பிரிட்டிஷ்காரர்கள் 1824-இல் சட்டம் போட்டபோது 62 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் 10 பவுண்டு எடையுள்ள தண்ணீர் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அதுதான் ஒரு கேலன் என்று வைத்தார்கள். (62 ஃபாரன்ஹீட் என்றால் கிட்டத்தட்ட 17 டிகிரி செல்சியஸ், சேலத்துக்குப் பொருந்தாது, ஏற்காட்டுத் தண்ணீருக்குச் சரியாகவே இருக்கும்.) அமெரிக்கர்கள் அந்தச் சட்டத்துக்கு முன்னாலேயே தனியாகப் போய்விட்டவர்கள், அதனால் பழைய 231 கன அங்குல ஒயின் கேலனையே வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் 1956-இல் மெட்ரிக் சட்டம் வந்து, அதன் பிறகு சில ஆண்டுகளில் படிப்படியாக லிட்டருக்கு மாறினோம். அதற்கு முந்தின காலத்துத் தொட்டி, அதுவும் ஏற்காடு மாதிரி வெள்ளைக்காரர் காப்பி பயிரிட்ட மலையில், கேலன் என்று செதுக்கியிருந்தால் அது பிரிட்டிஷ் கேலன்தான், வேறு யோசனையே வேண்டாம்.

ஒரு கன மீட்டருக்கு 220 பிரிட்டிஷ் கேலன், 264 அமெரிக்க கேலன். இந்த இரண்டு எண் மனசில் இருந்தால் போதும். (துல்லியமாக வேண்டுமென்றால் 219.97, 264.17. தொட்டிக் கணக்குக்கு அந்தத் துல்லியத்தால் ஒரு பயனும் இல்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.) ஃபோனில் வெறுமனே கேலன் என்று கேட்டால் பெரும்பாலும் அமெரிக்க கேலனையே எடுத்துக்கொள்ளும், திரையில் சின்ன எழுத்தில் US என்று போட்டிருக்கும், நாம் அதைக் கவனிக்க மாட்டோம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

```
20.4 cubic meters to imperial gallons
```

4,487 என்று வரும். 5,390 இறங்கி 4,487 ஆகிவிட்டது. ஆனாலும் 4000 வரவில்லை, இல்லையா? இங்கேதான் சுவாரஸ்யமே.

உங்கள் அளவுகளை அடியில் போட்டுப் பாருங்கள். 3.66 மீட்டர் என்பது 12 அடி. 3.05 என்பது 10 அடி. 1.83 என்பது 6 அடி. எல்லாம் முழு அடியில் வந்து நிற்கிறது. நீங்கள் உள்ளளவைத்தான் ஒழுங்காக எடுத்திருக்கிறீர்கள் என்பதற்கு இதுவே சாட்சி. வெளியளவை எடுத்திருந்தால், ஒன்றரை அடிக் கல் சுவர் என்று வைத்துக்கொண்டால், 15 அடிக்கு 13 அடி வந்திருக்கும், கணக்கு 33 கன மீட்டருக்கு எகிறியிருக்கும். கல் தொட்டியில் சுவரின் கனத்தை மறந்தால் இப்படி ஒன்றரை மடங்குக்கு மேலே தப்பும், அதனால் இறங்கி அளக்க முடியாத தொட்டி என்றால் சுவர் கனத்தை மேன்ஹோல் வாயில் வைத்தாவது பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, 4000 பிரிட்டிஷ் கேலன் என்பது எத்தனை லிட்டர்? மனக்கணக்காகவே போடலாம்: நாலரையால் பெருக்கு, 18,000. அதோடு நூற்றுக்கு ஒன்று சேர், 18,180. சரியான விடை 18,184, நான்கு லிட்டர்தான் வித்தியாசம். உங்கள் தொட்டித் தரையின் பரப்பு 3.66 × 3.05, அதாவது 11.16 சதுர மீட்டர். 18.18 கன மீட்டரை 11.16-ஆல் வகுத்தால் 1.63 மீட்டர். தரையிலிருந்து தண்ணீர் 163 செ.மீ. நின்றால் சரியாக 4000 கேலன். தொட்டிச் சுவரோ 183 செ.மீ. ஆக மேலே 20 செ.மீ., எட்டு அங்குலம், காலியாக விட்டிருக்கிறார்கள்.

நான் உங்கள் தொட்டியைப் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன், சுவரின் மேல் விளிம்பிலிருந்து எட்டு அங்குலம் கீழே ஓவர்ஃப்ளோ குழாய் வாய் இருக்கும், போய்ப் பாருங்கள். அளக்கும்போது குழாயின் நடுவிலிருந்து அளக்காதீர்கள், வாயின் கீழ் உதட்டிலிருந்து அளக்க வேண்டும், தண்ணீர் அந்த உதட்டைத் தொட்டதுமே வழிய ஆரம்பித்துவிடும். மூன்று அங்குலக் குழாய் என்றால் நடுவுக்கும் உதட்டுக்கும் நாலு செ.மீ. வித்தியாசம் வரும், உங்கள் தொட்டியில் அதுவே 450 லிட்டர்.

இதை இன்னும் உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. எட்டு அங்குலம் கழித்தால் தண்ணீர் உயரம் 5 அடி 4 அங்குலம். 12 × 10 × 5 அடி 4 அங்குலம், பெருக்கினால் 640 கன அடி, ஒரு துளி மிச்சமில்லாமல். பழைய ஓவர்சியர்கள் தொட்டிக் கணக்கில் ஒரு கன அடிக்கு ஆறேகால் கேலன் என்று போடுவார்கள், ஒரு கன அடித் தண்ணீர் அறுபத்திரண்டரை பவுண்டு, ஒரு கேலன் பத்து பவுண்டு, அதனால் ஆறேகால். 640-ஐ ஆறேகாலால் பெருக்கிப் பாருங்கள். நாலாயிரம், பிசகாமல்! அந்த மனிதர் தொட்டியைக் கட்டிவிட்டு அளந்து செதுக்கவில்லை. நாலாயிரம் கேலன் வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து கன அடிக்குப் போய், பிறகு ஓவர்ஃப்ளோவை எங்கே வைப்பது என்று வைத்திருக்கிறார். துல்லியமாகப் பார்த்தால் கன அடிக்கு 6.23 கேலன்தான், அப்படிப் போட்டால் 3,986 வரும். பதினாலு கேலன் கூடச் சொல்லியிருக்கிறார், மன்னித்துவிடலாம்.

அமெரிக்க கேலனாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். 4000 × 3.785, அதாவது 15,140 லிட்டர், தண்ணீர் உயரம் 1.36 மீட்டர். ஆறடிச் சுவர் எழுப்பி அதில் ஒன்றரை அடியைச் சும்மா காலியாக விடும் அளவுக்கு எந்த எஸ்டேட்காரரும் கல்லும் சுண்ணாம்பும் செலவழித்திருக்க மாட்டார். எந்தக் கேலன் என்று சந்தேகம் வருகிற எல்லாத் தொட்டிக்கும் இந்தச் சோதனை பலிக்கும்: எழுதியிருக்கும் கேலனை இரண்டு விதமாகவும் லிட்டராக்கி, தரைப் பரப்பால் வகுத்து, எந்த உயரம் ஓவர்ஃப்ளோ குழாயோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் தொட்டியே பதில் சொல்லிவிடும்.

இதற்காக அமெரிக்க கேலன் நம் பக்கம் வரவே வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. மெஷினைத் திறந்தால் உள்ளே மெம்ப்ரேனில் 75 GPD என்று போட்டிருக்கும், ஒரு நாளில் 75 கேலன் என்று அர்த்தம், அது அமெரிக்க கேலன், 284 லிட்டர். வெளிநாட்டு பம்புகளின் தாளில் GPM, அதாவது நிமிடத்துக்கு இத்தனை கேலன், என்று இருந்தாலும் பெரும்பாலும் அமெரிக்க அளவுதான். ஆக, கல்லில் செதுக்கியது பிரிட்டிஷ், பிளாஸ்டிக்கில் ஒட்டியது அமெரிக்கா என்று தோராயமாக நினைவு வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கலந்துவிட்டால் ஆறில் ஒரு பங்கு பிசகும். மருந்து கலக்கும்போது, உதாரணமாக பிளீச்சிங் பவுடரைத் தொட்டியின் லிட்டர் கணக்குப்படி போடும்போது, ஆறில் ஒரு பங்கு குறைச்சலாகப் போட்டுவிட்டு தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்போம். (கீழே மேட்டூரில் இன்னமும் கன அடிதான் பேச்சு, அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றால் அந்த டி.எம்.சி. நூறு கோடி கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். நம் மாவட்டத்தில் மூன்று அளவு முறையும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன.)

இப்போது நீங்கள் கேட்ட இன்னொன்று, லிட்டரில் எவ்வளவு என்று எடுத்துக்கொள்வது. 20,400 என்று எடுக்காதீர்கள், அது சுவரின் உச்சி வரை பெருக்கிய கணக்கு, அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. இப்போது உள்ள நிலையில் 18,200 லிட்டர். இதற்கு மேல் துல்லியம் பார்க்க வேண்டாம் என்று சொன்னேனே, காரணம் இதுதான்: உங்கள் தொட்டியில் ஒரே ஒரு செ.மீ. தண்ணீர் என்பது 112 லிட்டர், 25 கேலன். டேப் பிடிப்பதிலேயே ஒரு செ.மீ. முன்னே பின்னே போகும், பழைய கல் தொட்டியின் தரை ஒரு மூலைக்கு ஒரு மூலை அதைவிட ஏறி இறங்கி இருக்கும். தரை உயரத்தை நாலு மூலையிலும் நடுவிலும் எடுத்து சராசரி போடுங்கள், பக்கத்துச் சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் இருக்கலாம், அதனால் நீளத்தையும் அகலத்தையும் இரண்டு இடத்தில் எடுங்கள். அப்புறம் வரும் விடையை நூறு லிட்டருக்கு முழுசாக்கி எழுதினால் போதும். 18,184.36 என்று எழுதுவது, பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் உள்பூச்சு பூசப்போகிறீர்கள், அதோடு இந்த எண் மாறிவிடும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. மேஸ்திரி நாலு சுவரிலும் 2 செ.மீ. பூசுகிறார் என்று வையுங்கள். நீளத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 4 செ.மீ. போய் 3.62 ஆகிறது, அகலம் 3.01 ஆகிறது, பரப்பு 11.16-இலிருந்து 10.9 சதுர மீட்டராகச் சுருங்குகிறது. அதோடு தரையில் சரிவு கொடுத்து சராசரி 5 செ.மீ. கான்கிரீட் போட்டால் தண்ணீர் உயரம் 163-இலிருந்து 158 ஆகும், ஓவர்ஃப்ளோ குழாய் இருந்த இடத்திலேயே இருக்கிறதே. 10.9 × 1.58, அதாவது 17.2 கன மீட்டர், 17,200 லிட்டர். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத பூச்சு ஆயிரம் லிட்டரைச் சாப்பிட்டுவிடும். கேலனில் 3,790 போல நிற்கும், முகப்பில் உள்ள நாலாயிரம் அதோடு வரலாற்றுக்குப் போய்விடும். அதற்காகக் கல்லை மாற்றிச் செதுக்க வேண்டியதில்லை!

ஓவர்ஃப்ளோவை 5 செ.மீ. மேலே ஏற்றி வைத்தால் போனதில் பாதியைத் திரும்பப் பிடிக்கலாம், பூச்சு வேலையின்போதே செய்தால் செலவும் பெரிதில்லை. ஆனால் கல் சுவர் பழையது என்றால் நான் அதைத் தொட மாட்டேன், தண்ணீர் உயரம் கூடக்கூட அடிச்சுவரில் தள்ளும் விசையும் கூடும், ஐந்நூறு லிட்டருக்காக அந்தச் சோதனை வேண்டாம்.

தண்ணீர் வெளியே எடுக்கும் குழாய் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். வண்டல் வராமல் இருக்க அது தரைக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். பூச்சுக்குப் பிறகு தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருந்தால் அதற்குக் கீழே உள்ள 1,090 லிட்டர் குழாயில் வரவே வராது, 16,100 லிட்டர்தான் கைக்கு வரும் தண்ணீர். உங்கள் தினசரிச் செலவுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க இந்த எண்ணை எடுங்கள். மருந்து கலக்க மட்டும் அடியில் நிற்பதையும் சேர்த்து முழு 17,200-ஐ எடுங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் ஒன்று கட்டாயம் தப்பும்.

லாரிக்கு வருவோம். பூச்சு காய்ந்து தண்ணீர் விடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்துவிடுங்கள்: மேன்ஹோலுக்கு நேர் கீழே உள்ள சுவரில் தரையிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு கோடு வீதம் பெயின்ட்டில் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் லிட்டரை எழுதுங்கள். உங்கள் தொட்டியில் 10 செ.மீ.க்கு 1,090 லிட்டர். தரையில் சரிவு இருப்பதால் முதல் கோடு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், மேலே உள்ளவை சரியாக வரும். பூச்சு முடிந்த பிறகு மறுபடியும் அளந்துவிட்டு எழுதுங்கள், நான் மேலே போட்ட 2 செ.மீ., 5 செ.மீ. எல்லாம் உத்தேசம்தான், மேஸ்திரி கரண்டி பிடிக்கும் பிடியில் மாறும்.

6,000 லிட்டர் லாரி என்று சொல்லிக் கொண்டுவந்தால், ஊற்றி முடிக்கும்போது தண்ணீர் 55 செ.மீ. ஏறியிருக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போது மூடி வழியாகக் கொஞ்சம் சிந்தியிருக்கும், ஹோஸில் கொஞ்சம் நிற்கும், அதற்காக இரண்டு செ.மீ. விட்டுக்கொடுக்கலாம். 46 செ.மீ.தான் ஏறியிருக்கிறது என்றால் 5,000 லிட்டர்தான் இறங்கியிருக்கிறது, அப்போது டிரைவரைக் கூப்பிட்டு லாரி டேங்க் அடிவரை வடிந்ததா என்று மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள், வண்டி சரிவில் நின்றால் அடியில் நிறையவே தங்கிவிடும், ஏற்காட்டில் சமதளத்தில் நிறுத்த இடம் கிடைப்பதும் கஷ்டம். வண்டியைத் திருப்பி, வால்வு இருக்கும் பக்கம் தாழ்வாக வரும்படி நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முதல் லாரி இறங்கியதும் அன்றைக்கே இரண்டாவதைக் கூப்பிடாமல் ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். புதுப் பூச்சு முதலில் கொஞ்சம் குடிக்கும். மறுநாளும் தினம் ஒரு செ.மீ. என்று இறங்கிக்கொண்டே போனால், ஒரு செ.மீ.க்கு 109 லிட்டர், எங்கோ கசிகிறது, மூடியுள்ள தொட்டியில் வெயிலில் ஆவியாகி அவ்வளவு போகாது. ஒன்றும் இறங்கவில்லை என்றால் அடுத்த இரண்டு லாரியைச் சொல்லலாம், ஆனால் மூன்றாவது லாரி முழுசாக இறங்காது, 18,000-க்கு 17,200-தான் கொள்ளும், 800 லிட்டர் ஓவர்ஃப்ளோ வழியாகக் காப்பிச் செடிக்குப் போய்விடும். மூன்றாவதை மட்டும், அதற்குள் ஒரு நாள் தண்ணீர் புழங்கிவிட்டு, கோட்டைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.